லித்தியத்தை விட்டு வால்புரோயேட்டுக்கு மாறினேன், இப்போது குழந்தை வேண்டும்

"எனக்கு 29 வயது. பைபோலார் நோய். இரண்டு முறை மேனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிறகு 3 வருடம் லித்தியம் சாப்பிட்டு நன்றாக இருந்தேன். கல்யாணம் நிச்சயமானதும், லித்தியம் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கும் என்று பயந்து வால்புரோயேட் 1000 மி.கி.க்கு மாறினேன். கர்ப்பம் உறுதியானதும் அதை நிறுத்திவிட்டால் போதுமா, டாக்டர்?"

போதாது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்திருக்கும். பல பெண்கள் டெஸ்ட் எடுப்பதே அப்போதுதான்.

நீங்கள் பயந்து ஒதுங்கியது சிறிய ஆபத்திலிருந்து. போய் நின்றது பெரிய ஆபத்தின் பக்கத்தில். எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மாருக்கே 100 குழந்தைகளில் 2, 3 பேர் பெரிய பிறவிக் குறையோடு பிறப்பதுண்டு. வால்புரோயேட் சாப்பிட்டால் அது சுமார் 10 ஆகிறது. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு: பார்க்க முழு ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகளிலும் 100க்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், கவனம் போன்றவற்றில் பின்னடைவு வரலாம். இது ஸ்கேனில் தெரியாது. ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டாலும் இந்த ஆபத்து நீங்கிவிடும் என்று நம்ப முடியாது.

லித்தியத்தின் மேல் வந்த பயம் 1970களின் பதிவுகளில் தொடங்கியது. அன்று நினைத்த அளவுக்கு ஆபத்து இல்லை என்று பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. 2017இல் வெளியான ஒன்றில், இதயக் குறை லித்தியம் சாப்பிடாதவர்களின் குழந்தைகளில் 100க்கு 1 பேருக்குச் சற்று அதிகம். சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 2 பேருக்குச் சற்று அதிகம். தினசரி அளவு 600 மி.கி.க்குள் இருந்தால் வித்தியாசம் மிகக் குறைவு. 900ஐத் தாண்டினால் கூடுகிறது.

"அப்படியானால் எந்த மருந்துமே வேண்டாமே" என்று வீட்டில் சொல்லக்கூடும். உங்களுக்கு இரண்டு முறை மேனியா வந்திருக்கிறது என்பதை அங்கே மறக்கிறார்கள். பைபோலார் உள்ள பெண்களைக் கர்ப்பகாலம் முழுக்கப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 100க்கு 85 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 37 பேருக்கு. தூக்கமில்லாமல், சாப்பிடாமல், கட்டுக்கடங்காமல் ஓடும் மேனியாவும் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்துதான். அதை அடக்க அவசரமாக இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க நேரிடும்.

உங்களுக்கு நான் சொல்வது இது. கருத்தடையை இப்போதைக்கு விடாதீர்கள். வால்புரோயேட்டை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பரிசோதித்துவிட்டு உங்கள் மனநல மருத்துவர் லித்தியத்தைத் தொடங்கட்டும். அது இரத்தத்தில் போதிய அளவுக்கு வந்த பிறகு, வால்புரோயேட்டை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். லித்தியம் அளவை, இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு இரத்தம் கொடுத்தால் எண் பொய் சொல்லும். லித்தியம் மட்டும் சாப்பிட்டுச் சில மாதம் நிலையாக இருந்த பிறகு கருத்தரிக்க முயலலாம். ஏற்கெனவே உங்களுக்குக் கைகொடுத்த மருந்து என்பதால்தான் லித்தியத்தைச் சொல்கிறேன். அது ஒத்துவராதவர்களுக்குக் குவெட்டியபைன் போன்றவை இருக்கின்றன. நடுவில் எதிர்பாராமல் கர்ப்பமானால், ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால், அதே மாத்திரை சாப்பிட்டும் இரத்தத்தில் லித்தியம் குறைந்துகொண்டே வரும். மாதம் ஒருமுறையாவது, கடைசி மாதத்தில் வாரந்தோறும் அளவு பார்ப்பது அதற்காகத்தான். மசக்கை வாந்தியில் உடம்பு வற்றினால் நேர்மாறாக அளவு ஏறும். கை பெரிதாக நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, நாக்கு குழறினாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம், அதுவும் லித்தியத்தை ஏற்றிவிடும். குழந்தையின் இதயத்தை 20ஆவது வாரத்தையொட்டித் தனி ஸ்கேனில் பார்க்கலாம்.

பிரசவ வலி தொடங்கியதும் லித்தியத்தை நிறுத்திவைத்து, பிறந்தபின் அளவு பார்த்து, கர்ப்பத்துக்கு முந்தைய அளவில் மீண்டும் தொடங்குவார்கள். நோய் திரும்ப அதிக வாய்ப்புள்ள காலம் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள். லித்தியம் பாலில் கலப்பதால் தாய்ப்பால் கொடுப்பதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. புட்டிப்பால் என்றால் இரவில் வேறொருவர் கொடுக்கலாம், நீங்கள் தூங்கலாம். குழந்தை தூங்கும் நேரத்திலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, ஆனாலும் களைப்பே தெரியவில்லை என்றால், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று உங்கள் கணவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.