ரூபிரிக்கைப் பிள்ளைகள் தாங்களே வாசித்துத் திருத்தத் திட்டமிட எப்படிப் பழக்குவது?

"தரம் 10 பிள்ளைகளுக்குக் கட்டுரை ஒப்படையோடு, ஒவ்வொரு மட்டத்துக்கும் என்ன வேண்டும் என்று சொல்லும் ரூபிரிக்கும் கொடுக்கிறேன். புள்ளியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். மட்ட விவரிப்பை வாசித்துத் தாங்களே திருத்த எப்படிப் பழக்கலாம்?"

முதலில், வரைவுக்குப் புள்ளி போடாதீர்கள். புள்ளியைக் கண்டவுடன் பிள்ளைக்கு வேலை முடிந்துவிடும், பிறகு அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் வாசிக்காது. நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பிக்கிறேன், வரைவை வெறுமையாகத்தான் திருப்பிக் கொடுப்பேன்.

அப்புறம், முழு ரூபிரிக்கையும் ஒரே நாளில் வாசிக்க வைக்க வேண்டாம். ஒரு நியதி, அதில் அடுத்தடுத்த இரண்டு மட்டம், அவ்வளவுதான். உதாரணத்துக்கு "கருத்தை நிறுவுதல்" என்ற நியதியை எடுங்கள். மட்டம் 2: "சில கருத்துகளுக்கு உதாரணம் உண்டு." மட்டம் 3: "ஒவ்வொரு முதன்மைக் கருத்துக்கும் உதாரணம் உண்டு, அது கருத்தை எப்படி நிறுவுகிறது என்ற விளக்கமும் உண்டு." இரண்டையும் பக்கத்தில் வைத்து, 3இல் புதிதாக வந்த சொற்களுக்கு மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். அதில் முக்கியமாக "ஒவ்வொரு", "விளக்கம்" இரண்டும்தான் வரும். பிள்ளை செய்ய வேண்டிய வேலை முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

அடுத்தது கலர் பென்சில். இது ஹைடி அன்ட்ரேட் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் விவரித்த முறை: விவரிப்பில் ஒரு சொல்லுக்கு எந்த நிறத்தில் கோடு போட்டோமோ, அதே நிறத்தில் தன் கட்டுரையில் அதற்கான இடத்துக்கும் கோடு போட வேண்டும். கோடு போட இடமில்லையென்றால் அது கட்டுரையில் இல்லை.

என் வகுப்பில் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு பிள்ளை எழுதிய பந்தி இப்படி இருந்தது: "யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் மாசடைகிறது. தோட்டங்களில் உரம் அதிகம் போடுகிறார்கள். எனவே நாம் நீரைப் பாதுகாக்க வேண்டும்." தனக்கு மட்டம் 3 என்று போட்டிருந்தாள். "உதாரணம் இருக்குத்தானே ரீச்சர்?" என்றாள். இருக்கிறது, உரத்துக்குப் பச்சைக் கோடும் விழுந்தது. விளக்கத்துக்கான சிவப்புப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு பந்தியை மேலும் கீழும் தேடினாள், பிறகு தானே 3ஐ வெட்டி 2 என்று எழுதினாள். நான் எதுவும் சொல்லவில்லை.

இனித் திட்டம். இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். "இன்னும் நன்றாக விளக்குவேன்" என்று எழுதுவார்கள், அது விவரிப்பைப் பார்த்து எழுதிய சொல், திட்டமில்லை. எந்தப் பந்தி, எந்த வசனத்துக்குப் பிறகு, என்ன தகவல் என்ற மூன்றும் இருந்தால்தான் நான் ஏற்பேன். அவள் எழுதியது: "2ஆம் பந்தியில் உரம் பற்றிய வசனத்துக்குப் பிறகு, உரம் கிணற்றுக்குள் எப்படிப் போகிறது என்று இரண்டு வசனம்." அதற்கு விஞ்ஞானக் கொப்பியைப் புரட்ட வேண்டியிருந்தது. திருத்திய பிறகு வந்தது: "பயிர் எடுக்காமல் விடும் உரம் நைத்திரேற்றாக மழைநீரில் கரைந்து கீழே இறங்குகிறது. எங்கள் நிலத்தின் அடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் இருப்பதால் அது விரைவில் கிணற்று நீரில் சேர்கிறது." இப்போது சிவப்புக்கு இடம் இருக்கிறது.

இரண்டு விடயத்தைக் கவனியுங்கள். விட்டால் பிள்ளைகள் எழுத்துப் பிழையைத்தான் முதலில் திருத்துவார்கள், ஏனென்றால் அது சுலபம். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள், பாடுபட்டுத் திருத்திய வசனமே பிறகு வெட்டுப்படலாம். மற்றது, 2இல் இருக்கும் பிள்ளையை 4க்குப் பாய விடாதீர்கள். எங்கள் மட்டம் 4 எதிர்க்கருத்துக்குப் பதில் கேட்கிறது, அதைப் பார்த்துவிட்டு முடிவுரையில் "சிலர் இதை மறுப்பர்" என்று ஒரு வசனத்தை ஒட்டிவிடுவார்கள், உள்ளே விளக்கம் அப்படியே காலியாகக் கிடக்கும்.

சில ரூபிரிக்குகளில் "ஓரளவு தெளிவு, தெளிவு, மிகத் தெளிவு" என்றுதான் இருக்கும். அதை எந்தப் பிள்ளையாலும் வாசித்துத் திருத்த முடியாது, பிழை ரூபிரிக்கில். அப்படியென்றால் முந்தைய வருடத்துப் பந்திகள் இரண்டைப் பெயரில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்து, எது மேல், ஏன் என்று வகுப்பையே பேச விடுங்கள். "இதில் 'அது' என்றால் எதைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை" என்பது போல ஏதாவது சொல்வார்கள். அந்த வசனத்தையே விவரிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு இரண்டு பாடவேளை போகும், ஒன்று கோடு போடவும் திட்டமிடவும், மற்றது திருத்தவும். திருத்தி முடிந்ததும் கொப்பியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து, திட்டத்தைக் காட்டாமல், விளக்கம் எங்கே என்று கோடு போடச் சொல்லுங்கள். எழுதியவள் நினைத்த இடத்திலேயே கோடு விழுந்தால் சரி, வேறெங்காவது விழுந்தால் அந்த இரண்டு பேரும் அந்த வசனத்தைப் பற்றிப் பேசட்டும், நீங்கள் அதற்குப் பிறகு போனால் போதும்.