ஊசி குறைந்தது, நோய் போகவில்லை

அன்புள்ள அக்கா,

ஏற்காட்டுக்கு மேலே ஒரு சின்னக் கோயிலின் யூடியூப் சேனலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு அப்பா தன் 9 வயது மகளோடு வந்து கேமரா முன்னால் பேசினார். 3 மாதத்துக்கு முன் மகளுக்குச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்து, தினம் 16 யூனிட் இன்சுலின் போட ஆரம்பித்தார்களாம். கோயில் விபூதியும் தீர்த்தமும் கொடுக்க ஆரம்பித்து 6 வாரத்தில் அது 5 யூனிட் ஆகிவிட்டது, ரிப்போர்ட்டும் நார்மல், "அந்த அஞ்சையும் அமாவாசையோட நிறுத்திடப் போறோம்" என்றார். பூசாரி ஐயா இதற்கு 'சர்க்கரை நோய் பறந்தது' என்று தலைப்பு வைக்கச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, ரிப்போர்ட்டை நானே பார்த்தேன். இதைப் போடலாமா? போடுவதானால் எப்படி?

எம்., ஏற்காடு

தம்பி,

கடிதம் வந்த அன்றே உங்களைப் போனில் பிடித்தது அந்த அமாவாசைக்காகத்தான். மருத்துவரைக் கேட்காமல் ஊசியை நிறுத்த மாட்டேன் என்று அந்த அப்பா சொல்லிவிட்டதாக நீங்கள் தகவல் அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இனி வீடியோவைப் பற்றி நிதானமாகப் பேசலாம். இதேபோல ஒரு வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த அப்பா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். ஊசி குறைந்தது உண்மை, ரிப்போர்ட் நார்மல் என்பதும் உண்மை. பொய்யாக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம், உண்மையாக இருப்பதால்தான் சிக்கல். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை சர்க்கரை நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. நோயைக் கண்டுபிடிக்கும்போது அந்தச் செல்களில் ஒரு பகுதி இன்னும் மிச்சம் இருக்கும், ஆனால் ரத்தத்தில் ஏறிக்கிடக்கும் சர்க்கரையால் அவையும் ஓய்ந்துபோயிருக்கும். வெளியிலிருந்து இன்சுலின் போட ஆரம்பித்ததும் அவற்றின் சுமை குறைகிறது, கொஞ்சம் தெம்பு வந்து திரும்பச் சுரக்கின்றன. அதனால் சில வாரங்களிலேயே ஊசியின் அளவு மளமளவென்று இறங்கும். மருத்துவர்கள் இதை 'ஹனிமூன்' காலம் என்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் வராது. வந்தால் சில மாதங்கள் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷத்தைத் தாண்டியும் போகும். ஆனால் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதல் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கிறது, மிச்சமுள்ள செல்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஊசியின் அளவு திரும்ப ஏறும்.

அந்தச் சிறுமி 25 கிலோ இருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். 16 யூனிட் என்றால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 0.6 யூனிட், 5 யூனிட் என்றால் 0.2. கிலோவுக்கு அரை யூனிட்டுக்குக் கீழே வந்தும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அது ஹனிமூன் காலத்தின் நேரடி அடையாளம். 6 வாரம் என்ற கணக்கும் அப்படியே பொருந்துகிறது. கோயிலுக்குப் போகாத குழந்தைக்கும், வேறு மதத்துக் குழந்தைக்கும், எதையும் கும்பிடாத வீட்டுக் குழந்தைக்கும் இதே காலத்தில் இதே இறக்கம் வருவதுண்டு. நார்மல் என்று வந்த அந்த ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அது எச்பிஏ1சி என்றால், கடந்த சுமார் 3 மாதச் சர்க்கரையின் சராசரி. அந்த 3 மாதமும் குழந்தை ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஊசியோடு நார்மல் என்பதுதான் அந்தத் தாளில் இருப்பது. ஊசி இல்லாமல் என்ன ஆகும் என்று அது ஒன்றும் சொல்லவில்லை.

நான் சேலத்தில் 11 வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். ஒருநாள் விடியற்காலை மலைப்பக்கத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், 10 வயது இருக்கும். ராத்திரி முழுக்க வாந்தி, வயிற்று வலி. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் கலர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் எடுக்கக் குனிந்தபோது அவன் மூச்சிலிருந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசம் வந்தது. ஓடி வந்தவனைப்போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், ஆனால் கண் பாதி மூடியிருந்தது. விரலில் குத்தி மெஷினில் வைத்தால் எண்ணே வரவில்லை, HI என்று மட்டும் காட்டியது. மெஷினால் அளக்க முடியாத உயரத்துக்குச் சர்க்கரை போய்விட்டது என்று அர்த்தம், பெரும்பாலான மெஷினில் 600க்கு மேல். இன்சுலின் இல்லாததால் உடம்பு கொழுப்பைக் கரைத்து எரிக்க ஆரம்பித்து, அதில் வருகிற கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிட்ட நிலை அது. ஊசியை நிறுத்தி 4 நாள்தான் ஆகியிருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு அவனுடைய அம்மா போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் வேறொரு குழந்தை, வேறொரு வழிபாட்டு இடம், கதை மட்டும் உங்கள் கதைதான். பையன் பிழைத்துக்கொண்டான். "அந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படி சார் நின்னுச்சு?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணுக்கும் நின்றிருக்காது. பத்தாவது மாதத்தில் அவளுக்கு என்ன ஆனது என்று யாரும் வீடியோ எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, போடலாமா? இப்போது இருக்கிற வடிவத்தில் வேண்டாம். அந்த அப்பாவின் நன்றியை மட்டும் போடலாம். அதற்கு அவரைத் திரும்ப உட்காரவைத்து மூன்று விஷயம் கேளுங்கள்: மருத்துவர் நோய்க்கு என்ன பெயர் சொன்னார், இன்று காலை என்ன மருந்து எத்தனை யூனிட் போட்டீர்கள், ஊசியைக் குறைக்கச் சொன்னது யார். மூன்றாவது கேள்விக்கு "டாக்டர்தான் குறைச்சாரு" என்று பதில் வரும். பொதுவாக எடிட்டிங்கில் வெட்டுப்படுவது அந்த வரிதான், கதையின் வேகத்தைக் குறைக்கிறது என்று. அதை வெட்டினால் நீங்கள் பொய் ஒன்றும் சேர்க்காமலே வீடியோ பொய்யாகிவிடும். "அஞ்சையும் நிறுத்தப் போறோம்" என்ற வரியை எந்தக் காரணத்துக்காகவும் வீடியோவில் வைக்காதீர்கள். அதற்கு மேலே எச்சரிக்கை எழுதி ஓடவிட்டாலும் காதில் விழுவது அந்தக் குரல்தான்.

வீடியோவுக்குக் கீழே குறிப்புப் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. நாளைக்கே யாராவது அதில் 40 விநாடி மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், குறிப்பு கூடப் போகாது. தவிர, இதைப் பார்க்கிற பாட்டிகள் பலர் எழுத்தைப் படிப்பதில்லை, கேட்கத்தான் செய்வார்கள். அதனால் சொல்ல வேண்டியதை அந்த அப்பாவின் வாயாலேயே, நன்றி சொல்கிற அதே மூச்சில் சொல்ல வையுங்கள்: "சாமி எங்களுக்குத் தைரியம் குடுத்துச்சு, ஊசி தினமும் போட்டுட்டுதான் இருக்கோம்." அடுத்து பூசாரி ஐயா. ஊரில் அவர் சொல்லுக்கு இருக்கிற எடை வேறு எதற்கும் கிடையாது. தீர்த்தம் கொடுக்கும்போதே "ஊசியை விட்டுடாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் போடணும்" என்று அவர் சொல்வதை எடுத்து வீடியோவின் ஆரம்பத்திலேயே வையுங்கள். கோயிலை எதிர்த்துப் பேசுகிறோம் என்று அவர் நினைக்காதபடி அந்தப் பையனின் கதையை அவரிடம் சொல்லுங்கள். தன் விபூதியை நம்பி ஒரு குழந்தை அப்படி மூச்சு வாங்குவதை எந்தப் பூசாரியும் விரும்ப மாட்டார்.

அவர் மனசு இன்னும் சங்கடப்பட்டால் பிரான்ஸில் இருக்கிற லூர்து மாதா தலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே குணமானதாகச் சொல்லி வருகிறவர்களைப் பரிசோதிக்க 1883லிருந்து மருத்துவ அலுவலகம் ஒன்று இருக்கிறது. இதுவரை 7,000க்கும் மேற்பட்ட பேர் சொன்னதில், திருச்சபை அற்புதம் என்று ஏற்றது ஏறக்குறைய 70தான். 2008ல் குணமான ஒரு கன்னியாஸ்திரியின் விஷயத்தை 2018ல்தான் அறிவித்தார்கள். எடுத்துக்கொண்ட சிகிச்சையே காரணமாக இருக்கலாம் என்றால் அது அவர்கள் கணக்கில் வராது. அத்தனை பக்தி உள்ள இடமே 10 வருஷம் பொறுக்கிறது, நாம் 6 வாரத்தில் தலைப்பு வைக்கிறோம்.

தலைப்பில் நோயின் பெயரும் 'குணம்', 'பறந்தது', 'மறைந்தது' போன்ற சொல்லும் சேர்ந்து வரவே கூடாது. 'ஒரு அப்பாவின் நன்றி' போதும். 'சுகர்' என்று ஒரே சொல்லாகப் போட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகையில் எடை நன்றாகக் குறைந்தால் மாத்திரை தேவைப்படாத நிலை சிலருக்கு வரத்தான் செய்கிறது. அப்படி ஒரு பெரியப்பாவின் அனுபவத்தைக் கேட்டுவிட்டுக் குழந்தையின் ஊசியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது: 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம். மந்திரம், தாயத்து மாதிரியானவை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. ஒளியாலும் ஒலியாலும் பரப்புகிற அறிவிப்பும் அதில் விளம்பரம்தான், அதன் நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. தீர்த்தம் வேண்டுவோர் அழைக்கவும் என்று நம்பரும் காணிக்கைக்கு கியூஆர் கோடும் அதே வீடியோவில் போட்டால் அது விளம்பரம் இல்லை என்று வாதாடுவது கஷ்டம். அவற்றை எடுத்துவிடுங்கள்.

போட்ட பிறகு கருத்துப் பகுதியை முதல் வாரம் தினமும் பாருங்கள். "என் பையனுக்கும் இருக்கு, எங்க வரணும்?" என்று ஒரு அம்மா கட்டாயம் கேட்பார். கோயிலுக்கு வழி மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். ஊசி போடுகிறீர்களா என்று முதலில் கேளுங்கள். நிறுத்தியிருந்தால், வாந்தி, வயிற்று வலி, அடங்காத தாகம், வேகமான மூச்சு இதில் எது இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள், 108க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கிற நேரம் மலையில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

அந்தச் சிறுமியின் முகத்தைக் காட்ட வேண்டாம், தம்பி. இன்னும் சில மாதத்தில் ஊசியின் அளவு ஏறும்போது, பள்ளிக்கூடத்தில் யாராவது அந்த வீடியோவைக் காட்டி "உனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அப்பா மட்டும் பேசட்டும். 6 மாதம் கழித்து அவருக்கு ஒரு போன் போட்டு ஊசி இப்போது எத்தனை யூனிட் என்று கேட்டு, அந்த எண்ணையும் வீடியோவில் சேருங்கள்.