இரண்டாண்டு அனுபவத்தோடு ஒரே பிரிவுக்குள் இறங்கலாமா?

கேள்வி: மென்பொருள் வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திரைப்பக்கம், சர்வர், டேட்டாபேஸ் என எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறேன். டேட்டாபேஸ் பிரிவுக்கே முழுமையாக வந்துவிடச் சொல்கிறார் குழுத் தலைவர். ஒன்றுக்குள்ளேயே மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

பதில்: போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் எதில் ஆழம் தேடுகிறீர்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு போங்கள்.

மிகவும் முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்தால் தவறான இடத்தில் வேரூன்றிவிடுவோம் என்ற பயத்துக்கு அடிப்படை உண்டு. இங்கிலாந்தில் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பாடப்பிரிவைத் தீர்மானிக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் முதல் இரண்டு ஆண்டுகள் பல பாடங்களைப் படித்துப் பார்த்த பிறகு தீர்மானிக்க முடிகிறது. இவ்விரு நாட்டுப் பட்டதாரிகளையும் ஒப்பிட்ட பொருளியலாளர் ஒஃபர் மாலமுட், முன்கூட்டியே தேர்ந்த இங்கிலாந்துப் பட்டதாரிகளே பின்னாளில் தாம் படித்ததற்குத் தொடர்பில்லாத வேலைகளுக்கு அதிகமாக மாறினார்கள் என்று கண்டார். தமக்கு எது பொருந்தும் என்று தெரிவதற்குள் தேர்ந்ததுதான் அவர்களுடைய சிக்கல். நீங்களோ அந்த இரண்டு ஆண்டுகளை ஏற்கெனவே செலவிட்டிருக்கிறீர்கள். மூன்று வேலைகளில் எது தடைபட்டபோது நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அது டேட்டாபேஸ் இல்லையென்றால் குழுத் தலைவரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, ஆழம் என்றால் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். வாடிக்கையாளரின் கடைசி இருபது ஆர்டர்களைக் காட்டும் பக்கம் திறக்க எட்டு வினாடிகள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவர் பெரும்பாலும் கேஷ் ஒன்றைச் சேர்ப்பார், அல்லது பெரிய சர்வர் கேட்பார். டேட்டாபேஸில் ஆழம் உள்ளவர் போஸ்ட்கிரெஸில் முதலில் இதை ஓட்டுவார்:

```
EXPLAIN ANALYZE
SELECT * FROM orders
WHERE customer_id = 4217
ORDER BY created_at DESC
LIMIT 20;
```

விடையில் `Seq Scan` என்று வந்தால், இருபது வரிகளுக்காக டேபிள் முழுவதும் படிக்கப்படுகிறது என்று பொருள். `customer_id`, `created_at` இரண்டையும் அதே வரிசையில் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டால், அந்த வாடிக்கையாளரின் வரிகள் ஏற்கெனவே தேதி வாரியாக அடுக்கப்பட்டுக் கிடைக்கும். தனியாக வரிசைப்படுத்தும் வேலையும் மிச்சமாகும். இண்டெக்ஸ் ஏன் உதவுகிறது, புதிய வரி சேரும்போதெல்லாம் அதற்காக என்ன விலை கொடுக்கிறோம், எப்போது அதைப் போடக்கூடாது என்ற மூன்றையும் சொல்ல முடிந்தால் அதை ஆழம் என்பேன். கட்டளை மனப்பாடமாக இருப்பது மட்டும் போதாது.

இண்டெக்ஸ் போட்ட பிறகும் பக்கம் மெதுவாகவே இருந்தால் என்ன செய்வது? சர்வர் நிரல் ஒவ்வோர் ஆர்டருக்கும் பொருள் விவரத்தைத் தனித்தனியாகக் கேட்டு, ஒரு பக்கத்துக்கு இருபத்தொரு முறை டேட்டாபேஸைத் தட்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் வேகமாகவே தெரியும் என்பதால், டேட்டாபேஸை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது. சர்வர் நிரலைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். நீங்கள் இரண்டு ஆண்டுகளில் சேர்த்த பரப்பு இங்கேதான் கைகொடுக்கிறது, ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு முறையாவது சர்வர் பக்கத்து மாற்றம் ஒன்றை நீங்களே எழுதுங்கள். திரைப்பக்கத் திறன் சற்றுத் துருப்பிடித்தாலும் பரவாயில்லை.

மாட்டிக்கொள்வது எப்படி நடக்கிறது என்றால், பெரும்பாலும் பிரச்சினைக்குப் பதிலாக ஒரு கருவியில் ஆழம் தேடுவதால்தான். இணையப் பக்கங்களில் அசைவூட்டங்களைக் காட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 இறுதியில் நிறுத்தியது. ஃபிளாஷில் அசைவூட்டம் செய்யும் கருவியின் மெனுக்களை மட்டும் அறிந்திருந்தவர்கள் புதிதாகத் தொடங்க நேர்ந்தது, அசைவூட்டம் என்ற கலையை அறிந்தவர்கள் வேறு கருவிக்கு நகர முடிந்தது. டேட்டாபேஸின் நிலை இந்த வகையில் உறுதியானது. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த ரிலேஷனல் மாதிரிதான் இன்றும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் எல்லாவற்றுக்கும் அடித்தளம், எனவே ஒன்றில் கற்றதில் பெரும்பகுதி மற்றொன்றிலும் செல்லும்.

ஆகவே சம்மதிக்கும் முன் குழுத் தலைவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அந்தப் பிரிவில் முதல் ஆறு மாதம் என்ன வேலை தருவீர்கள்? மெதுவான கேள்விகளைச் சரிசெய்வது, டேபிள்களை வடிவமைப்பது, பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்ப்பது என்று பதில் வந்தால் தயங்காமல் போங்கள். நிறுவனத்துக்குள் மட்டுமே புழங்கும் ஒரு கருவியில் படிவம் நிரப்புவதும் அனுமதி கொடுப்பதும்தான் வேலை என்றால், எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் வெளியே கொண்டுபோக ஒன்றும் சேராது. அப்படியானால் இப்போது இருக்கும் இடமே மேல்.