மூன்று தவணை போனஸ்: எப்போது விலகினால் எவ்வளவு போகும்?

அக்கா, எங்கள் ஆபீசில் போனஸை மூன்று வருடத்தில் மூன்று பாகமாகத் தருகிறார்கள். நடுவில் விலகினால் வராத பாகம் போய்விடும். எந்த நேரத்தில் விலகினால் நஷ்டமில்லாமல் வெளியே வரலாம்?

ஒரே ஒரு முறை அறிவித்த போனஸ் என்றால், மூன்றாவது தவணை கைக்கு வந்த மறுநாள். ஆனால் வருடா வருடம் புது போனஸ் அறிவித்து, அதையும் இப்படியே பிரித்தால், நஷ்டமில்லாத நாள் என்று ஒன்று வரவே வராது.

ஒரு வருட போனஸ் 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 30,000 கையில் வரும், 60,000 பாக்கி. இரண்டாம் வருடம் பழையதில் 30,000, புதியதில் 30,000 வரும். பாக்கி, பழையதில் 30,000, புதியதில் 60,000, ஆக 90,000. மூன்றாம் வருடம் மூன்று போனஸிலிருந்தும் 30,000 வீதம் முழு 90,000 கைக்கு வரும். அப்போதும் பாக்கியைக் கூட்டிப் பாருங்கள், அதே 90,000 நிற்கும்.

அதாவது இரண்டாம் வருடத்திலிருந்து, தவணை வாங்கிய மறுநாளே விலகினாலும் ஒரு முழு வருட போனஸ் போகும். "இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பாக்கி குறையும்" என்று காத்திருந்த பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த வருடத்துப் பணம் வரும், அது உண்மை. பாக்கி மட்டும் குறையாது. போனஸ் கூடினால் அதுவும் சேர்ந்து கூடும். அதனால் வேலை பிடிக்காமல் போன பிறகு இந்தப் பாக்கிக்காக மட்டும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

போன வருடம் நான் உழைத்ததற்கான பணம் இது. விலகினாலும் தந்துதான் ஆக வேண்டும். சட்டம் எல்லா இடத்திலும் அப்படித்தானே மேடம்?

பாதி சரி. ஜெர்மனியில் அப்படி வாதாட நல்ல இடம் இருக்கிறது. செய்து முடித்த வேலைக்கான ஊதியமும் அதில் கலந்திருந்தால், பிந்தைய ஒரு தேதியில் பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று அங்குள்ள தொழிலாளர் உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பல இடங்களில் கடிதத்தில் எழுதியிருப்பதுதான் நிற்கும். உங்கள் கடிதத்தை எடுத்து, "கடந்த ஆண்டு செயல்பாட்டிற்காக" என்று இருக்கிறதா, "தொடர்ந்து பணியில் இருப்பதற்காக" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கலந்திருந்தால் உள்ளூர் வக்கீலிடம்தான் காட்ட வேண்டும்.

சேரும்போதே முழுத் தொகையும் கொடுத்துவிட்டார்கள். இப்போது விலகுகிறேன் என்றதும் திருப்பிக் கேட்கிறார்கள். இதுவும் இதே கதைதானே?

இல்லை சார், அது வேறு. இங்கே பேசுவது இன்னும் தராத பணத்தைத் தராமல் விடுவது. உங்களுடையது தந்ததைத் திருப்பிக் கேட்பது. வரி பிடித்தது போகக் கைக்கு வந்ததைக் கேட்கிறார்களா, பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையைக் கேட்கிறார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

தவணைத் தேதியில் நான் நோட்டீஸ் காலத்தில் இருந்தால்? அன்றைக்கும் ஊழியர்தானே?

இங்கேதான் நிறைய பேர் விழுகிறார்கள். நான் சம்பளப் பிரிவில் இருந்தபோது ஒருவர் தவணைக்குப் 11 நாள் முன்னால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கடைசி வேலை நாள் இரண்டு மாதம் தள்ளி இருந்ததால், தவணை வரும் என்று நம்பினார். விதியில் "பணியில் இருக்க வேண்டும்" என்பதோடு, "ராஜினாமா அறிவிப்பு கொடுத்திருக்கவோ, பணிநீக்க அறிவிப்பு பெற்றிருக்கவோ கூடாது" என்றும் இருந்தது. அந்த மாதச் சம்பளச் சீட்டில் போனஸ் என்று ஒன்றுமே இல்லை. என் மேஜை முன்னால் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு கடிதம் கொடுங்கள். தவணைத் தேதி வேறு, பணம் ஏறும் நாள் வேறாக இருக்கலாம்.

புதுக் கம்பெனி இந்த நஷ்டத்தை ஈடு செய்யுமா?

கேட்டால் பல இடங்களில் செய்வார்கள், கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள். ஒவ்வொரு வருட போனஸ் கடிதத்தையும், எந்தத் தவணை எப்போது என்ற பட்டியலையும் காட்டுங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேச வேண்டும். அவர்களும் அதையே தவணையாகத் தருகிறேன் என்றால், ஆட்குறைப்பு வந்தாலும் பாக்கி உண்டு என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

என்னை எங்கள் குழுமத்திலேயே வேறு கம்பெனிக்கு மாற்றுகிறார்கள். இங்கே ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள். சும்மா சம்பிரதாயம் என்று எச்.ஆர். சொல்கிறார். கொடுத்துவிடவா?

இன்று கொடுக்காதீர்கள் தம்பி. குழுமத்துக்குள் மாறினால் தவணை தொடரும் என்று சில விதிகளில் இருக்கும், சிலவற்றில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. உங்களுடையது எந்த வகை என்று படிக்காமல் சொல்ல முடியாது. பாக்கித் தவணைகளும் அவற்றின் தேதிகளும் புதுக் கம்பெனியில் அப்படியே தொடரும் என்று எச்.ஆரிடம் மின்னஞ்சல் வாங்குங்கள். பேரோல் ஆட்கள் ராஜினாமாக் கடிதத்தைத்தான் பார்ப்பார்கள். சம்பிரதாயம் என்று வாயால் சொன்னது அவர்கள் கோப்பில் இருக்காது.