அலர்ஜி மாத்திரையால தூக்கம் வருது, கம்பெனி டாக்டருக்கு லெட்டர் எழுதலாமா?

"வக்கீல் சார், குன்னூர் - மேட்டுப்பாளையம் ரூட்ல ஸ்டாஃப் பஸ் ஓட்டுறேன், ராத்திரி 10 முதல் காலைல 6 வரை. மூக்கு அலர்ஜிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த செட்ரிசின் 9 மணிக்குப் போடுறேன், 2 மணிக்கெல்லாம் கண்ணு சொருகுது. கம்பெனி டாக்டருக்கு எழுதுனா வேலை போயிடுமா?"

தாராளமா எழுதுங்க, ஆனா லெட்டரைக் கொடுத்துட்டு அன்னைக்கு ராத்திரியே வண்டி எடுத்துடாதீங்க, இதை நான் பயந்துதான் சொல்றேன். தன் உடம்புக் கோளாறால மத்தவங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சே ஓட்டுறது மோட்டார் வாகனச் சட்டம் 186ஆம் பிரிவுல குத்தம், முதல் தடவைக்கு 1,000 ரூபாய் வரைதான் ஃபைன், ஆனா அந்த "தெரிஞ்சே"தான் இங்க விஷயம். பர்லியார் பக்கம் பனில வளைவு தப்பி ஒரு உயிர் போச்சுன்னா நியாய சன்ஹிதா 106(1), 5 வருஷம் வரை ஜெயில், ஊதச் சொன்னா சாராயம்தான் தெரியும் மாத்திரை தெரியாதுன்னு சில டிரைவர்ங்க நினைக்கிறாங்க, ஆனா கோர்ட்ல உங்க லெட்டரையே நீட்டி இவருக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லுவாங்க.

அதனால லெட்டர்ல இப்படி எழுதுங்க: "செட்ரிசின் 10 மி.கி. தினமும் இரவு 9 மணிக்குச் சாப்பிடுகிறேன். இந்தத் தேதிகளில் 2 மணிக்கு மேல் தூக்கம் வந்தது. என்னைப் பரிசோதித்து, இரவில் ஓட்டத் தகுதியா என்று எழுதித் தர வேண்டும். அதுவரை வண்டி ஓட்டாத வேலை கொடுக்கப் பரிந்துரைக்க வேண்டும்." கடைசி ரெண்டு வரிதான் உங்களுக்குக் கவசம். தேதியை டிரிப் ஷீட்டைப் பாத்து எழுதுங்க, பிரிஸ்கிரிப்ஷன் ஜெராக்ஸும் சேருங்க. சூப்பர்வைசருக்கு "தகுதி / தகுதி இல்ல"ன்னு மட்டும் போனா போதும், நோய் விவரம் வேண்டாம்னும் கேளுங்க. ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல தேதியோட சீல் வாங்கிடுங்க, சீல் போட மாட்டேன்னா ஒப்புகையோட தபால்ல அனுப்புங்க.

எழுதிக் கொடுத்த டாக்டரையும் பாருங்க. செட்ரிசின் ஒடம்புல பாதியாக் குறைய சுமார் 8 மணி நேரம் ஆகும், 9 மணிக்குப் போட்டா 2 மணிக்குப் பாதிக்கு மேல உள்ளதான் இருக்கும். ஷிப்ட் முடிஞ்சு 6 மணிக்குப் போட்டா ராத்திரி 10க்குள்ள கால்வாசிக்கு வந்துடும், நேரத்தை மாத்தலாமான்னும் தூக்கம் கம்மியான ஃபெக்ஸோஃபெனடின் ஒத்து வருமான்னும் அவர்கிட்ட கேளுங்க. எதை மாத்துனாலும் முதல் டோஸ் லீவு நாள்ல.

வேலையப் பத்தி: இஎஸ்ஐ இருந்தா, நோய்க்காக அவங்க கவனிப்புல ட்ரீட்மென்ட்ல இருக்கும்போதோ சர்டிபிகேட்டோட லீவுல இருக்கும்போதோ உங்களை நீக்கவோ தண்டிக்கவோ கூடாதுன்னு 2025 நவம்பர் வரை இருந்த இஎஸ்ஐ சட்டம் 73ஆம் பிரிவு சொல்லுச்சு, அதுக்குப் பதிலா வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல இப்ப என்ன நிலைன்னு இஎஸ்ஐ ஆபீஸ்ல கேட்டுக்குங்க, எப்படியும் டிஸ்பென்சரில சீட்டு போட்டு அந்த சர்டிபிகேட்டை வாங்கி வைங்க. "இன்னைக்கு ஒரு ட்ரிப் மட்டும் ஓட்டிடு"ன்னு வாயால சொன்னா, எழுதிக் கொடுங்க சார்னு கேளுங்க, எழுதிக் கொடுத்தாலும் தூக்கம் வர்ற ராத்திரி சாவியை வாங்காதீங்க.