கிளச் ஒட்டலையா? ரிலே, பிறகு கேஸ்

"கார்ல ஏசி போட்டா காத்து வருது, குளிரல. கம்ப்ரசர் கிளச் ஒட்டவே மாட்டேங்குது. ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. அடுத்து என்ன பார்க்க?"

ரிலேயைப் பாருங்க அண்ணே. ஹாரன் ரிலே அதே எண்ணா இருந்தா, இரண்டையும் இடம் மாத்திப் போடுங்க.

அப்பவும் 'டக்' சத்தம் வரலேன்னா கேஸ் ஒழுகியிருக்கும்னு நினைக்கிறேன். அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே இறங்கினா பிரஷர் சுவிட்ச் கிளச்சுக்குக் கரண்ட் போக விடாது.

புளோக்கு பக்கத்து மல்டி ஸ்டோரி கார்பார்க் நிழல்ல எஞ்சினை நல்லா ஆறவிட்டு கேஜ் மாட்டுங்க. நம்ம சிங்கப்பூர் 30 டிகிரிக்கு ஆர்-134ஏ கேஸ் 6.5 பார் கிட்டே காட்டணும். ரொம்பக் குறைஞ்சா ஒழுகல்தான். குழாய் இணைப்புல எண்ணெய்ப் பிசுக்கு தெரியுதான்னு பாருங்க.

சுவிட்சை ஒயரால இணைச்சு மட்டும் ஓட்டிடாதீங்க. கேஸோடதான் ஆயிலும் சுத்தி வருது. அது இல்லாம ஓடினா கம்ப்ரசரே இறுகிடும்.