கிளினிக் குறிப்புகளை வயதுவாரி அட்டவணையாக்கும்போது எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி: குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலும் தனியார் கிளினிக்கிலும் எழுதிய குறிப்புகள் ஹெல்த் புக்லெட்டிலும் துண்டுத் தாள்களிலும் சிதறிக் கிடக்கின்றன. நடை, பேச்சு, பழகுதல் மூன்றிலும் எங்கே தாமதம் என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி வயதுப்படி அட்டவணை போட வேண்டும். எப்படி?

பதில்: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலை மையம் ஒன்றில் சில வருடம் வேலை செய்தேன். பெற்றோர் கொண்டுவரும் அட்டவணைகளில் பாதி, வெற்றுக் கட்டத்தால்தான் கெட்டுப்போகும். கட்டம் காலியாக இருந்தால் 'குழந்தைக்கு வரவில்லை' என்றும் அர்த்தம் கொள்ளலாம், 'அன்றைக்கு யாரும் கேட்கவே இல்லை' என்றும் கொள்ளலாம். இதைப் பிரிக்காமல் நிறம் அடித்தால், இல்லாத தாமதம் சிவப்பாகும், இருக்கிற தாமதம் வெள்ளையாகவே நிற்கும்.

அதனால் வயதுவாரி அட்டவணையை நேரடியாகப் போடாதீர்கள். முதலில் ஒரு பதிவுத்தாள் போடுங்கள். ஒரு வரியில் ஒரு திறன், ஒரு நாள், அவ்வளவுதான். நிலைக்கு நான்கே சொற்கள்: மருத்துவரோ தாதியோ கண்ணால் கண்டது 'பார்த்தது', வீட்டார் சொன்னது 'சொன்னது', கேட்டு இல்லை என்று தெரிந்தது 'இல்லை', கேட்கப்படாதது '?'. பக்கத்தில் இன்னொரு கட்டத்தில், குறிப்பில் இருந்த வாசகத்தை அப்படியே எழுதுங்கள். 'நடக்கிறாள்' என்பதும் 'குதிகாலைத் தரையில் வைக்காமல் நடக்கிறாள்' என்பதும் ஒன்றல்ல. சுருக்கினால் அந்த வித்தியாசம் போய்விடும்.

அடுத்தது வயது. 37 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதைத்தான் பார்ப்பார்கள். வாரக் கணக்கைக் கழித்துக் குழம்ப வேண்டாம். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் பிரசவத்துக்குக் குறித்துக்கொடுத்த தேதியைப் போட்டாலே திருத்திய வயது வந்துவிடும். B1-இல் அந்தத் தேதியும் A பத்தியில் கிளினிக் போன தேதியும் இருந்தால்:

```
=DATEDIF($B$1,A5,"M")
```

குறித்த தேதிக்கு முன்னால் போன வருகைகளுக்கு இது `#NUM!` என்று காட்டும். பயப்பட வேண்டாம், அந்த வரிகளை விட்டுவிடுங்கள். (தடுப்பூசிக்கு மட்டும் உண்மையான பிறந்த தேதிதான். இதைப் போய் மாற்றிவிடாதீர்கள்.)

C-இல் இந்த வயது, D-இல் அந்தத் திறன் வந்திருக்க வேண்டிய எல்லை மாதம், E-இல் நிலை என்று வைத்துக்கொண்டால், குறியிடும் வரி இது:

```
=IF(E5="?","கேள்",IF(AND(E5="இல்லை",C5>=D5),"கவனி",""))
```

எல்லை மாதத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் பிடிவாதமாக இருங்கள். ஹெல்த் புக்லெட்டில் இருப்பது பத்தில் ஒன்பது குழந்தைகள் செய்துவிடும் வயது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022-இல் மாற்றிய பட்டியலோ நூற்றில் 75 குழந்தைகளைக் கணக்கில் கொண்டது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் குறிகளுக்கு அர்த்தமே இருக்காது. ஒரு பட்டியலை எடுங்கள், கடைசி வரை அதையே வைத்திருங்கள். பத்தில் ஒன்பது என்றால் பத்தாவது குழந்தை நன்றாக இருந்தும் குறி வாங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். 'கவனி' என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டிய இடம், நோயின் பெயர் அல்ல.

என் தங்கை மகள் கதையைச் சொல்கிறேன். 33 வாரத்தில், 10 பிப்ரவரி 2023-இல் பிறந்தாள். குறித்த தேதி 31 மார்ச். நவம்பர் 20-ஆம் தேதி வருகையில் 'தனியாக உட்காரவில்லை' என்று எழுதியிருந்தார்கள். பிறந்த தேதிப்படி ஒன்பது மாதம் முடிந்திருந்தது, வீடே கலங்கிப்போனது. திருத்திய வயது ஏழு மாதம்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் உடலசைவு ஆய்வில் தனியாக உட்காருவதற்கான கால வரம்பு ஏறக்குறைய நான்கு மாதத்தில் தொடங்கி ஒன்பது மாதம் தாண்டி முடிகிறது. நான் வைத்திருந்த எல்லையும் 9 மாதம், எனவே அந்த வரிக்குக் குறி விழவில்லை. அடுத்த மாதமே உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 20-ஆம் தேதி, வேறொரு கிளினிக். தாளில் இருந்தது ஒரே வரி: 'இரண்டு சொல் பேசுகிறாள்.' கேள்வி ஆங்கிலத்தில் வந்திருக்கிறது, தங்கை கணவர் தெரிந்த ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணிச் சொல்லியிருக்கிறார். பகலெல்லாம் பிள்ளையைப் பார்ப்பவர் என் அம்மா. அவரைக் கேட்டேன். "தண்ணி, வா, பூ, பாட்டி எல்லாம் சொல்றாளே, யாரு கேட்டா?" என்றார். பணிப்பெண் இந்தோனேசியர், பாலுக்கு 'சூசு' என்பதை அவரிடம் கற்றிருந்தாள். மொத்தம் எட்டுச் சொற்கள் தேறின. பலமொழி வீட்டில் எல்லா மொழியையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். பதிவுத்தாளில் சொல்லோடு மொழியையும் எழுதுங்கள், அடுத்த முறை யார் போனாலும் எண்ணிக்கை மாறாது.

பேச்சு ஒருவழியாகச் சரியானது. அப்போது பழகுதல் பக்கத்தைப் பார்த்தால், 'விரலால் சுட்டிக் காட்டுதல்' என்ற வரி நான்கு வருகைகளிலும் '?'. யாரும் கேட்டதே இல்லை. அன்று மாலை வீட்டில் கவனித்தோம். வேண்டியதை எடுக்க எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் மேல் வைத்தாள், சுட்டவில்லை. திருத்திய வயது 16 மாதம், நான் வைத்திருந்த எல்லை 18. ஆகவே குறி விழவில்லை, ஆனால் '?' 'இல்லை' ஆனது. அக்டோபர் 15-ஆம் தேதி மறுபடி பார்த்தபோது 18 ஆகியிருந்தது.

| திருத்திய வயது | துறை | திறன் | எல்லை | நிலை | குறி |
|---|---|---|---|---|---|
| 7 | உடலசைவு | தனியாக உட்காருதல் | 9 | இல்லை | |
| 16 | உடலசைவு | தனியாக நடத்தல் | 18 | பார்த்தது | |
| 16 | பேச்சு | தனிச் சொற்கள் (8, மூன்று மொழி) | 16 | சொன்னது | |
| 16 | பழகுதல் | சுட்டிக் காட்டுதல் | 18 | இல்லை | |
| 18 | பழகுதல் | சுட்டிக் காட்டுதல் | 18 | இல்லை | கவனி |

சுட்டுதல் வரி இரண்டு தடவை இருக்கிறதைக் கவனியுங்கள். பழையதை அழித்து மேலே எழுதாதீர்கள். வந்த திறன் போய்விடுவது, அதாவது சொன்ன சொல்லை மறுபடி சொல்லாமல் விடுவது, கூப்பிட்டால் திரும்பியவள் திரும்பாமல் போவது, எந்த வயதிலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். மேலே உள்ள சூத்திரம் அதைப் பிடிக்காது, எல்லை மாதத்தை மட்டுமே அது பார்க்கிறது. திறன்வாரியாக வரிசைப்படுத்தி, 'பார்த்தது' அல்லது 'சொன்னது' என்பதற்குக் கீழே 'இல்லை' வருகிறதா என்று கண்ணால்தான் தேட வேண்டும்.

அக்டோபர் வருகைக்குத் தங்கை கொண்டுபோனது இந்த ஒரு பக்கமும், கையை இழுத்துக்கொண்டு போகும் காட்சியின் அரை நிமிடக் காணொளியும்தான். பலதுறை மருந்தகத் தாதி 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்துக்கான அறிகுறி உண்டா என்று பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாளைப் போட்டார், மருத்துவர் முதலில் காது கேட்கும் பரிசோதனைக்கும் பிறகு கே.கே. மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கும் எழுதிக்கொடுத்தார். அங்கே போகும்போதும் அதே தாள்தான், அடியில் இரண்டு வரி கூடியிருந்தது.